அதே டீ, அதே வேலை: மூன்றே கால் மணிக்கு மட்டும் இதயம் ஏன் இப்படி அடிக்கிறது?

நூல்கண்டு (திருப்பூர்):

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 39. பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் பதினான்கு ஆண்டுகளாக மெர்ச்சண்டைசராக வேலை பார்க்கிறேன். கடந்த இரண்டு மாதங்களாக வாரத்தில் ஐந்து, ஆறு இரவுகள் மூன்று மணிக்கும் மூன்றரைக்கும் இடையில் விழிப்பு வந்துவிடுகிறது. சாதாரண விழிப்பாக இருந்தால் நான் இங்கே எழுதியிருக்க மாட்டேன். இதயம் மாடிப்படி ஏறியவனுக்கு அடிப்பதுபோல் அடிக்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது, காரணமே இல்லாமல் ஏதோ கெட்டது நடக்கப்போகிறது என்ற அச்சம் நெஞ்சை அடைக்கிறது. மாரடைப்பு என்றே நினைத்து இரண்டு முறை நள்ளிரவில் மருத்துவமனைக்கு ஓடினேன். இசிஜி, எக்கோ, டிரெட்மில், சர்க்கரை, தைராய்டு எல்லாம் பார்த்துவிட்டு, இதயத்தில் ஒரு குறையும் இல்லை, டென்ஷனைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள்.

என் ஒரு நாளைச் சொல்லிவிடுகிறேன். காலை ஆறு மணிக்கு வீட்டில் ஃபில்டர் காபி. அலுவலகத்தில் பத்து மணி, பதினொன்றரை, மூன்றரை, ஐந்து, ஏழு என ஐந்து கிளாஸ் டீ. வீடு திரும்பியதும் எட்டரைக்கு மீண்டும் ஒரு காபி. இரவில் தூக்கம் வர நேரமானதால், இரண்டு மாதமாக பத்தரை மணிக்கு ஒரு கட்டிங் குடித்துவிட்டுப் படுக்கிறேன். உண்மையிலேயே உடனே கண் சொருகுகிறது என்றாலும், அமெரிக்க பையரின் அஞ்சல்களுக்குப் பதில் எழுத வேண்டியிருப்பதால் பதினொன்றரை, பதினொன்றே முக்கால் வரை படுக்கையில் கைபேசி இருக்கும். சனிக்கிழமை மட்டும் நண்பர்களோடு ஒரு குவார்ட்டர். அது பல வருடப் பழக்கம்.

என் கேள்வி இதுதான். இந்த டீயும் காபியும் பத்து ஆண்டுகளாக மாறவில்லை. வேலையும் அதே வேலைதான். அப்படியிருக்க, இப்போது மட்டும் ஏன் இப்படி?

காவிரிக்கரையான் (கும்பகோணம்):

தம்பி, காரணம் உங்கள் படுக்கையிலேயே இருக்கிறது. கைபேசியின் நீல ஒளி மூளையில் தூக்கச் சுரப்பை அடக்கிவிடுகிறது. கைபேசியில் இரவு நிறத்தை மஞ்சளாக மாற்றும் வசதியை இயக்குங்கள். கண்ணாடிக் கடையில் நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடியும் கிடைக்கிறது. ஒரு வாரத்தில் எல்லாம் சரியாகிவிடும்.

காபியைக் குற்றம் சொல்லாதீர்கள். எங்கள் ஊரில் சிக்கரி கலந்த டிகிரி காபியைத் தாத்தா காலத்திலிருந்து இரவு உணவுக்குப் பிறகும் குடித்துவிட்டு நன்றாகத் தூங்கியிருக்கிறோம். பால் சேர்த்தால் அதன் வீரியம் குறைந்துவிடும். டீ அதைவிடவும் லேசானது.

குன்னூர்க் கொழுந்து:

தேயிலைத் தொழிற்சாலையில் இருபத்தேழு ஆண்டுகள் வேலை செய்தவன் என்பதால், டீ லேசானது என்ற சொல்லை மட்டும் விடாமல் பதில் எழுதுகிறேன். டீக்கடைகளுக்குப் போவது பெரும்பாலும் டஸ்ட் ரகம். தூள் எவ்வளவு பொடியாக இருக்கிறதோ, அவ்வளவு விரைவாகச் சாறு இறங்கும். அந்தத் தூளைப் பையில் போட்டு, கொதிக்கும் நீரில் மணிக்கணக்காக ஊறவிட்டு, அடர்ந்த சாயத்தைப் பாலில் ஊற்றுகிறார்கள். இந்த முறையில் இலையில் உள்ள காஃபின் ஏறக்குறைய முழுவதும் வெளியே வந்துவிடும். பால் நாக்கில் துவர்ப்பைக் குறைக்கிறது. காஃபினை அது ஒன்றும் செய்வதில்லை. சிக்கரியில் காஃபின் கிடையாது என்பது உண்மை. ஆகவே நாற்பது பங்கு சிக்கரி கலந்த தூளில் காபி அறுபது பங்குதான் என்ற அளவுக்குக் காவிரிக்கரையான் சொல்வதை ஏற்கிறேன்; ஆனால் டிக்காக்ஷனை அடர்த்தியாக இறக்கினால் அந்தச் சலுகையும் போய்விடுகிறது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டி, 150 மில்லி ஃபில்டர் காபியில் 80 முதல் 120 மில்லிகிராம் காஃபினும், டீயில் 30 முதல் 65 மில்லிகிராமும் இருப்பதாகச் சொல்லி, ஒரு நாளைக்கு 300 மில்லிகிராமைத் தாண்ட வேண்டாம் என்கிறது. கடை கிளாஸ் சிறியது என்பதால் ஒரு டீக்கு 40 என்றே வைப்போம். ஐந்து டீ 200, இரண்டு காபி குறைந்தது 160, ஆக 360. நூல்கண்டு அவர்களே, உங்கள் கணக்கு வரம்பைத் தாண்டித்தான் நிற்கிறது. ஆனால் பத்து ஆண்டுகளாக இதே அளவு ஒத்துக்கொண்டிருந்ததே என்ற உங்கள் கேள்விக்கு என்னிடம் விடை இல்லை.

இரவுப்பணி (மனநல மருத்துவர்):

நூல்கண்டு அவர்களுக்கு நான்கு கேள்விகள். இந்தத் தொல்லை தொடங்குவதற்குச் சில வாரங்கள் முன்பு புகைப்பழக்கத்தை விட்டீர்களா? புதிதாக ஏதாவது மாத்திரை தொடங்கினீர்களா? காலையில் எழுந்ததும் கை நடுக்கம் இருக்கிறதா, அல்லது குடித்தால்தான் நடுக்கம் அடங்கும் என்ற நிலை உண்டா? தூக்கம் வர நேரமானது முதலில் வந்ததா, மூன்று மணி விழிப்பு முதலில் வந்ததா?

நூல்கண்டு (திருப்பூர்):

ஐயா, உங்கள் முதல் கேள்வியைப் படித்ததும் சற்று நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தவன், மகள் கேட்டுக்கொண்டதற்காக நான்கு மாதங்களுக்கு முன் முழுவதுமாக விட்டுவிட்டேன். விட்டு இரண்டு வாரத்துக்குள் தூக்கம் வர நேரமாக ஆரம்பித்தது. பகலிலும் ஒரு படபடப்பு. சிகரெட்டை விட்டதால் வரும் எரிச்சல்தான் அது, சில வாரங்களில் போய்விடும் என்று எல்லோரும் சொன்னார்கள். அது போகவில்லை என்பதால்தான் கட்டிங் தொடங்கினேன். மூன்று மணி விழிப்பு எப்போதாவதுதான் வந்துகொண்டிருந்தது. கட்டிங் தொடங்கிய பிறகுதான் ஏறக்குறைய ஒவ்வோர் இரவும் வருகிறது. மாத்திரை எதுவும் இல்லை. காலையில் நடுக்கம் இல்லை, பகலில் குடிக்கும் எண்ணமும் வந்ததில்லை.

இரவுப்பணி (மனநல மருத்துவர்):

நன்றி. உங்களை நேரில் பார்க்காமல் நோயின் பெயர் சொல்வது முறையாகாது. ஆனால் நீங்கள் சொன்ன வரிசை, புறநோயாளிப் பிரிவில் நான் திரும்பத் திரும்பக் கேட்கும் வரிசை என்பதால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

காஃபினை உடைப்பது கல்லீரலில் உள்ள ஒரு நொதி. சிகரெட் புகையில் உள்ள தார் அந்த நொதியை அதிகம் சுரக்கவைக்கிறது. அதனால் புகைப்பவர் உடலில் காஃபின் ஏறக்குறைய இரு மடங்கு வேகத்தில் வெளியேறுகிறது. புகையை நிறுத்திய சில நாட்களிலேயே அந்த நொதி தன் இயல்பான அளவுக்கு இறங்கிவிடுகிறது. கிளாஸ் மாறவில்லை, எண்ணிக்கை மாறவில்லை. ஆனால் இரத்தத்தில் நிற்கும் காஃபின் கிட்டத்தட்ட இரட்டிப்பாகிவிட்டது. நீங்கள் குடிக்கும் அளவு அதேதான் என்று பத்து ஆண்டுகளாக நினைத்திருந்தீர்கள். உங்கள் உடலுக்கு அது இப்போது அதே அளவு இல்லை.

உங்கள் நேரங்களை வைத்தே ஒரு தோராயக் கணக்குப் போட்டேன். புகைத்துக்கொண்டிருந்த காலத்தில் குடித்த காஃபின் பாதியாகக் குறைய மூன்று மணி நேரம் என்று கொண்டால், இரவு பதினொன்றரைக்கு உங்கள் உடலில் சுமார் 75 மில்லிகிராம் மிச்சம் இருந்திருக்கும். இப்போது பாதியாகக் குறைய ஆறு மணி நேரம் என்று கொண்டால், அதே பதினொன்றரைக்குச் சுமார் 145 மில்லிகிராம் இருக்கும். முன்பு ஒரு காபி குடித்த உடலோடு படுத்தவர், இப்போது ஏறத்தாழ இரண்டு காபி குடித்த உடலோடு படுக்கிறீர்கள். ஆளுக்கு ஆள் இந்த வேகம் பெரிதும் மாறும் என்பதால் எண்களை அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டாம்; போக்கை மட்டும் பாருங்கள்.

இரவில் இந்த மிச்சம் இரண்டு வேலைகளைச் செய்கிறது. பகல் முழுவதும் மூளையில் சேரும் அடினோசின் என்ற பொருள்தான் நமக்குத் தூக்கக் கனத்தைத் தருகிறது. அது ஒட்ட வேண்டிய இடத்தில் காஃபின் போய் உட்கார்ந்துகொள்கிறது. அதோடு இதயத்துடிப்பையும் கை வியர்வையையும் ஆளும் நரம்பு மண்டலத்தைச் சற்றே தூண்டிவைக்கிறது. பதற்றத்துக்கு இயல்பிலேயே ஆட்படுபவர்களுக்கு இந்த உடல் குறிகளே பயத்தின் தொடக்கமாகிவிடுகின்றன. இதயம் அடிப்பதால் பயம், பயத்தால் மேலும் அடிப்பு. திடீர்ப் பீதி நோய் உள்ளவர்களுக்கு ஆய்வுகளில் ஒரே தடவையில் நான்கைந்து கோப்பை காபிக்கு நிகரான காஃபினைக் கொடுத்தபோது, ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பீதித் தாக்குதல் வந்தது.

இனி கட்டிங். 90 மில்லி விஸ்கியிலோ பிராந்தியிலோ சுமார் 30 கிராம் சாராயம் இருக்கிறது. உங்கள் உடல் மணிக்கு ஏழெட்டு கிராம் அளவில் அதை எரிக்கும். பத்தரைக்குக் குடித்தது இரண்டரை, மூன்று மணிக்குள் தீர்ந்துவிடும். இருக்கும் வரை அது மூளையின் அடக்கும் பக்கத்தை வலுப்படுத்தி, தூண்டும் பக்கத்தை அமுக்கிவைக்கிறது. மூளை சும்மா இருப்பதில்லை. சமநிலைக்காகத் தூண்டும் பக்கத்தை ஏற்றிக்கொண்டே வருகிறது. சாராயம் தீர்ந்ததும் அமுக்கிய கை விலகுகிறது, ஏற்றிவைத்த தூண்டல் மட்டும் மிஞ்சுகிறது. கனவுத் தூக்கம் முன்னிரவில் அமுக்கப்பட்டுப் பின்னிரவில் துண்டு துண்டாகத் திரும்புவதும் அப்போதுதான். மூன்றே கால் மணி என்பது மர்மமான நேரமன்று. பத்தரை மணிக் கட்டிங்கின் கணக்கு முடியும் நேரம் அது.

இதில் எனக்கு மிகவும் கவலை தருவது, அந்தப் பானம் உங்களிடம் நல்ல பெயர் வாங்கியிருப்பதுதான். குடித்ததும் கண் சொருகவைத்ததை நீங்கள் நேரில் காண்கிறீர்கள். ஐந்து மணி நேரம் கழித்து அது எழுப்பியதை வேலையின் மீதும் இதயத்தின் மீதும் போட்டுவிடுகிறீர்கள்.

காவிரிக்கரையான் (கும்பகோணம்):

மருத்துவர் ஐயா சொல்வதை ஏற்கிறேன். அப்படியென்றால் மாலையில் ஒன்றிரண்டு சிகரெட் பிடித்தால் காஃபின் சீக்கிரம் வெளியேறிவிடும் அல்லவா? அல்லது நிக்கோட்டின் சூயிங்கம் போதுமா? பத்து வருடப் பழக்கமான காபியைக் குறைப்பதைவிட அது எளிதாகத் தோன்றுகிறது.

இரவுப்பணி (மனநல மருத்துவர்):

வேண்டாம் ஐயா. நொதியை ஏற்றுவது புகையின் தாரே அன்றி நிக்கோட்டின் அன்று. எனவே சூயிங்கத்தால் இந்த வேலை நடக்காது. ஒரு மனிதர் மகளுக்காகச் செய்து முடித்த கடினமான செயலை இரண்டு கோப்பைக்காக அழிக்கச் சொல்ல எனக்கு மனம் வராது. புகையை விடுபவர்கள் அதே வாரத்தில் டீ, காபியைப் பாதியாக்கிக்கொண்டாலே போதும். இந்த ஒரு வரியை விடும்போதே அவரிடம் யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

செண்பகம் (தஞ்சாவூர்):

ஐயா, நானும் இதே பிரச்சினைக்காகத்தான் எழுதுகிறேன். என் கணவருக்கும் இரவில் படபடப்பு, வியர்வை. அவர் காலை ஏழு மணிக்கே தொடங்கிவிடுவார். ஒரு நாளைக்கு இரண்டு குவார்ட்டருக்குக் குறையாது, ஆறு வருடமாக. நீங்கள் எழுதியதைப் படித்ததும், குடியை நிறுத்தினால் படபடப்பு நின்றுவிடும் என்று எனக்கு நம்பிக்கை வந்தது. வரும் வெள்ளிக்கிழமை முதல் அவரை வீட்டை விட்டு வெளியே விடாமல் வைத்துக்கொள்ளலாம் என்று என் தம்பியும் நானும் பேசியிருக்கிறோம். சாப்பாட்டில் கலந்து கொடுக்க ஒரு மாத்திரையும் தெரிந்தவர் வாங்கித் தந்திருக்கிறார். நீங்கள் சொல்லும் முறைப்படிச் செய்தால் எத்தனை நாளில் சரியாகும்?

இரவுப்பணி (மனநல மருத்துவர்):

அம்மா, தயவுசெய்து வெள்ளிக்கிழமைத் திட்டத்தை நிறுத்திவையுங்கள். நான் நூல்கண்டுக்குச் சொன்னது உங்கள் கணவருக்குப் பொருந்தாது. இருவருக்கும் நடப்பது, சாராயம் தீர்ந்ததும் மூளையின் தூண்டல் மேலெழும் ஒரே வகைத் துள்ளல்தான் என்றாலும், அவருடைய மூளை ஆறு ஆண்டுகளாக ஒவ்வொரு நாளும் சாராயத்துக்கு எதிராகத் தன்னை ஏற்றிவைத்திருக்கிறது. திடீரென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். மூன்றாம், நான்காம் நாளில் கடும் நடுக்கத்தோடு இல்லாதவை தெரிவதும், இடம் பொருள் தெரியாத குழப்பமும் வரலாம். அந்த நிலை உயிரைப் பறிக்கக்கூடியது. வீட்டில் பூட்டிவைத்தால் அதைக் கையாள உங்களால் முடியாது.

அந்த மாத்திரையை அவருக்குத் தெரியாமல் கொடுக்கவே வேண்டாம். நீங்கள் சொல்வது டைசல்ஃபிராம் என்றே எண்ணுகிறேன். அது உடலில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, வாந்தி வந்து, இரத்த அழுத்தம் சரிந்து, சிலருக்கு மரணம் வரை போகும். தெரிந்து, ஒப்புக்கொண்டு, குடியை முழுவதும் நிறுத்திய பிறகு எடுப்பவர்களுக்கான மருந்து அது.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அவரை அழைத்துச் செல்லுங்கள். துள்ளலை அடக்கும் மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்துக்கொடுத்து, தயமின் ஊசியும் போட்டு, ஒரு வார அளவில் பாதுகாப்பாக நிறுத்துவார்கள். அவர் வர மறுத்தால் முதலில் நீங்கள் மட்டும் போய்ப் பேசலாம். 14416 என்ற டெலிமனஸ் மனநல உதவி எண்ணிலும் தமிழில் இலவசமாகப் பேசலாம். அதுவரை அவர் குடிப்பதை ஒரேயடியாக நிறுத்த வேண்டாம் என்று ஒரு மருத்துவனே எழுதுவது உங்களுக்கு விந்தையாக இருக்கலாம். ஆனால் அதுதான் பாதுகாப்பு.

செண்பகம் (தஞ்சாவூர்):

மாத்திரையை எடுத்து வைத்துவிட்டேன் ஐயா. திங்கட்கிழமை என் தம்பியோடு போய் முதலில் நான் மட்டும் பேசிவிட்டு வருகிறேன்.

மதுரைத் தென்றல்:

உளவியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். கைபேசியைப் பற்றிய பேச்சு நீல ஒளியோடு நின்றுவிட்டதால் இதைச் சேர்க்கிறேன். 2015இல் வெளிவந்து அதிகம் பேசப்பட்ட பாஸ்டன் ஆய்வு ஒன்றில், தூங்கும் முன் நான்கு மணி நேரம், திரை ஒளியை முழுமையாக வைத்து, ஐந்து இரவுகள் தொடர்ந்து படிக்கவைத்தார்கள். தூக்கச் சுரப்பான மெலட்டோனின் பாதிக்கும் மேல் அடங்கியது உண்மை. ஆனால் அச்சுப் புத்தகம் படித்த இரவுகளோடு ஒப்பிட்டால், தூங்க ஆன தாமதம் சராசரியாகப் பத்து நிமிடம்தான். நூல்கண்டு பார்ப்பதோ ஒரு மணி நேரம், சிறிய திரையில். மஞ்சள் நிறத்துக்கு மாற்றுவதால் அவருக்குப் பெரிதாக எதுவும் கிடைக்கும் என்று நான் நினைக்கவில்லை.

அவருடைய படுக்கைக்குள் வருவது ஒளி மட்டுமன்று, பையரும் வருகிறார். நியூயார்க் அலுவலகத்தில் மாலை ஐந்தே முக்கால் ஆகும்போது இங்கே கோடையில் அதிகாலை மூன்றே கால். மூன்றே காலுக்கு விழிப்பு வந்ததும் மணி பார்க்கக் கைபேசியை எடுப்பவருக்கு, அன்றைய வேலையை முடிக்கும்முன் அங்கிருந்து அனுப்பிய புகார் அஞ்சல் புத்தம் புதிதாகக் காத்திருக்கும். ஏற்கெனவே அடித்துக்கொண்டிருக்கும் இதயத்துக்கு அது ஒரு காரணத்தையும் கொடுத்துவிடுகிறது. இல்லாவிட்டால் இருபது நிமிடத்தில் அடங்கியிருக்கக்கூடிய விழிப்பு, விடியும் வரை நீள்கிறது.

ஆனால் காஃபினையும் குடியையும் பற்றி மருத்துவர் பேசிய அளவுக்குக் கைபேசி விஷயத்தில் எனக்கு உறுதி இல்லை. கைபேசி பதற்றத்தை வளர்க்கிறதா, பதற்றத்தில் இருப்பவர்கள்தான் கைபேசியை நாடுகிறார்களா என்பதை இருக்கும் ஆய்வுகள் தெளிவாகப் பிரிக்கவில்லை. இரண்டும் நடக்கிறது என்றே எண்ணுகிறேன். எதன் பங்கு எவ்வளவு என்பதை ஒரு தனிமனிதர் தன் நாட்குறிப்பில்தான் ஓரளவு பார்க்க முடியும்.

இரவுப்பணி (மனநல மருத்துவர்):

தென்றல் சொல்வது சரி. கைபேசியின் பங்கைப் பற்றி நானும் உறுதியாகப் பேச மாட்டேன். நாட்குறிப்பு என்ற யோசனையைப் பிடித்துக்கொள்வோம். நூல்கண்டு, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். முதல் வாரம் வார நாள் கட்டிங்கை நிறுத்துங்கள். உங்கள் அளவுக்கும் குறிகளுக்கும் அதை நிறுத்துவது ஆபத்தாகாது. முதல் மூன்று நான்கு இரவுகள் தூக்கம் முன்பைவிட மோசமாகும். அதைத் தோல்வி என்று எண்ணிவிடாதீர்கள். இரண்டாம் வாரம் டீ, காபி. மூன்றாம் வாரம் கைபேசியை அறைக்கு வெளியே வைத்துவிட்டு, எழுப்ப ஓர் அலாரம் கடிகாரம். காலையில் விழித்த நேரம், இதய அடிப்பு உண்டா இல்லையா, பகலில் மனநிலை பத்துக்கு எத்தனை. இந்த மூன்றை மட்டும் எழுதினால் போதும்.

வெண்பனி (சென்னை):

இந்த இழையைப் படித்ததிலிருந்து ஒரு சந்தேகம். எனக்கு 24 வயது, போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன். புகையும் இல்லை, குடியும் இல்லை. காலையிலும் மாலையிலும் ஒரு காபி மட்டுமே. ஆனால் கடந்த இரண்டு மாதமாக மாலைக் காபிக்குப் பிறகு கை நடுங்குகிறது, படித்தது மனத்தில் நிற்பதில்லை, இரவு ஒரு மணி வரை தூக்கம் இல்லை. பிசிஓடிக்காக மகப்பேறு மருத்துவர் கொடுத்த ஹார்மோன் மாத்திரையை மூன்றாவது மாதமாக எடுக்கிறேன். இரண்டு காபிக்கு இப்படி ஆகுமா?

இரவுப்பணி (மனநல மருத்துவர்):

ஆகலாம். நீங்கள் சொல்வது கருத்தடை மாத்திரை வகையாக இருந்தால், அதில் உள்ள ஈஸ்ட்ரோஜன் அதே நொதியை மந்தமாக்குகிறது. காஃபின் வெளியேற ஏறக்குறைய இரு மடங்கு நேரம் ஆகும். நூல்கண்டுக்கு முடுக்கி கழன்றது, உங்களுக்குத் தடை விழுந்திருக்கிறது. மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். மாலைக் காபியை இரண்டு வாரம் விட்டுப் பாருங்கள். அப்படியும் மாறாவிட்டால், அந்த மாத்திரையே சிலருக்கு மனச்சோர்வைத் தருவதுண்டு என்பதால், எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் இதைச் சொல்லுங்கள். இரத்தசோகை, தைராய்டு இரண்டையும் பார்த்துவிடுவது நல்லது.

நூல்கண்டு (திருப்பூர்) — இருபத்தைந்து நாட்களுக்குப் பிறகு:

நாட்குறிப்போடு வந்திருக்கிறேன். நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

முதல் வாரம் கட்டிங் இல்லை. மருத்துவர் எச்சரித்தபடி முதல் மூன்று இரவுகள் ஒரு மணி வரை புரண்டுகொண்டிருந்தேன். இரண்டாம் இரவு எழுந்து போய் பாட்டிலைக் கையில் எடுத்துவிட்டு மீண்டும் வைத்தேன். நாட்குறிப்பில் எழுத வேண்டுமே என்ற எண்ணம்தான் தடுத்தது. நான்காம் இரவு நாலரைக்கு விழித்தேன். இதயம் அடிக்கவில்லை. வெறும் விழிப்பு எப்படி இருக்கும் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. அந்த வாரத்தின் ஏழு இரவுகளில் அடிப்போடு வந்த விழிப்பு மூன்று; அதில் ஒன்று சனிக்கிழமை குவார்ட்டருக்குப் பிறகு.

இரண்டாம் வாரம் தவறு செய்தேன். உற்சாகத்தில் திங்கட்கிழமை காலையிலேயே டீ, காபி எல்லாவற்றையும் ஒரேயடியாக நிறுத்திவிட்டேன். செவ்வாய்க்கிழமை நெற்றிப் பொட்டில் தாங்க முடியாத தலைவலி. புதன்கிழமை யாரைப் பார்த்தாலும் எரிச்சல், காரணமில்லாமல் அழுகை வரும்போல ஒரு கனம். பகல் மனநிலைக்குப் பத்தில் இரண்டு என்று எழுதியிருக்கிறேன். இது மனச்சோர்வு நோய்தான், டீயின் மேல் வீணாகப் பழி போட்டோம் என்றே முடிவு செய்துவிட்டேன். குன்னூர் அண்ணனுக்குத் தனிச்செய்தி அனுப்பிய பிறகுதான் விளங்கியது.

குன்னூர்க் கொழுந்து:

அவருக்குச் சொன்னதை இங்கேயும் எழுதிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் பயன்படும். தொழிற்சாலையில் ருசி பார்க்கும் வேலையில் இருந்தவர்கள் விடுமுறைக்குப் போனால் இரண்டாம் நாள் தலைவலி வருவதைக் கண்டிருக்கிறேன். நாள்தோறும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால், ஒரு நாளுக்குள் தலைவலி தொடங்கி, இரண்டாம் நாள் உச்சத்துக்குப் போய், ஒரு வாரத்தை ஒட்டி அடங்கும். அந்தச் சோர்வு நோயன்று, பழகிய காஃபின் இல்லாமல் உடல் தவிக்கும் காலம். மூன்று நாளைக்கு ஒரு கிளாஸ் என்று, மாலையிலிருந்து தொடங்கிப் பின்னோக்கிக் குறைத்துக்கொண்டு வந்தால் தலைவலியே தெரியாது. காலைக் காபியை யாரும் விட வேண்டியதில்லை.

நூல்கண்டு (திருப்பூர்):

அப்படியே செய்தேன். காலைக் காபியையும் பத்து மணி, பதினொன்றரை டீயையும் திரும்ப எடுத்துக்கொண்டேன். தலைவலி அன்றே நின்றது. மாலை மூன்று டீயும் இரவுக் காபியும் போய்விட்டன. ஐந்து மணிக்கு டீக்கடைக்கு நண்பர்களோடு போவதை விடவில்லை. சுக்கு மல்லிக் காபி சொல்லிவிடுகிறேன். அதில் காபித்தூள் இல்லை என்பதைக் கடைக்காரரிடம் கேட்டு உறுதிசெய்துகொண்டேன், ஏனென்றால் சில கடைகளில் சேர்க்கிறார்கள்.

மூன்றாம் வாரம் கைபேசி வரவேற்பறையில். எதிர்பாராத சிக்கல் அலுவலகத்தில்தான். இரவுப் பதில் இல்லாததை மேலாளர் விரும்பவில்லை. காலை ஆறு மணிக்கு எல்லா அஞ்சலுக்கும் பதில் போய்விடும் என்று சொல்லி ஒரு மாதம் அவகாசம் கேட்டிருக்கிறேன். பிறகு என்ன ஆகும் என்று தெரியாது. கடந்த ஏழு இரவுகளில் அடிப்போடு வந்த விழிப்பு ஒன்றே ஒன்று. பகல் மனநிலை ஆறு, ஏழு என்று நிற்கிறது. மாதத் தொடக்கத்தில் மூன்று, நான்கு.

அந்த ஒன்று மறுபடியும் சனிக்கிழமை இரவுதான். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் ஒரு இனம் தெரியாத பயம். மனைவியிடம் தேவையில்லாமல் கடுமையாகப் பேசிவிட்டேன். திங்கட்கிழமை ஷிப்மென்ட்டை நினைத்துத்தான் என்று எண்ணியிருந்தேன்.

மதுரைத் தென்றல்:

ஷிப்மென்ட் எல்லாத் திங்கட்கிழமையும் இருக்கிறதா? ஷிப்மென்ட் இல்லாத ஞாயிறுகளிலும் அந்தப் பயம் வந்ததா என்று நாட்குறிப்பில் பாருங்கள். ஒரே சமயத்தில் மூன்று மாற்றங்கள் சேர்ந்துவிட்டதால், மூன்றாம் வார முன்னேற்றம் கைபேசியால் வந்ததா, காஃபின் முழுவதும் இறங்கியதால் வந்ததா என்று இப்போது பிரிக்க முடியாது என்பதையும் சொல்ல வேண்டும்.

இரவுப்பணி (மனநல மருத்துவர்):

ஒரு குவார்ட்டரில் சுமார் 60 கிராம் சாராயம். ஒன்பது மணிக்குத் தொடங்கினால் தீர அதிகாலை ஐந்து, ஆறு மணி ஆகும். துள்ளல் அதன் பிறகுதான் ஓங்கும்; எனவே ஞாயிறு முழுவதும் அது விரிவது இயல்பு. கட்டிங் இரவின் பின்பகுதியைக் கெடுத்தது, குவார்ட்டர் அடுத்த பகலைக் கெடுக்கிறது. நான்கு சனிக்கிழமைகள் இல்லாமல் இருந்து பாருங்கள். நீண்ட நாள் குடித்தவர்களில் சிகிச்சைக்குச் சேரும்போது நாற்பது விழுக்காட்டுக்கும் மேலானவர்களிடம் தெரிந்த மனச்சோர்வு, குடியில்லாத நான்காவது வாரத்தில் ஆறு விழுக்காட்டினரிடம் மட்டுமே மிஞ்சியதாக 1988இல் வெளிவந்த ஆய்வு ஒன்று உண்டு. நீங்கள் அந்த வகையினர் அல்லர். ஆனால் நான்கு வாரம் என்ற அளவை நாங்கள் அங்கிருந்துதான் எடுத்துக்கொள்கிறோம். நான்கு வாரத்துக்குப் பிறகும் பயமோ சோர்வோ நாள்தோறும் நின்றால், அது தனியாகச் சிகிச்சை வேண்டும் நோய். அப்போது நேரில் ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். வாழ வேண்டாம் என்ற எண்ணம் ஒரு தடவை வந்தாலும் நான்கு வாரம் காத்திருக்கக் கூடாது.

நூல்கண்டு (திருப்பூர்):

அப்படி எண்ணம் வந்ததில்லை ஐயா. தென்றல் கேட்டபடி பார்த்தேன்: குறிப்பில் உள்ள மூன்று ஞாயிறுகளில் மறுநாள் ஷிப்மென்ட் இருந்தது ஒன்றுக்குத்தான், பயம் மூன்றிலும் இருந்திருக்கிறது. வரும் சனிக்கிழமை நண்பன் வீட்டுக் கிரகப்பிரவேசம். போகிறேன், கார் ஓட்டிக்கொண்டு போகிறேன் என்று இப்போதே எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை இரவு நாட்குறிப்பைப் பார்த்து எழுதுகிறேன்.